வரம்பற்றதன் வரம்பு

கைத்தொலைபேசிக் கடைகளின் கண்ணாடிக் கதவுகளில் ஒட்டப்பட்டிருக்கும் விளம்பரத் தாள்களில் மிகப் பெரிய எழுத்தில் இருப்பவை 'வரம்பற்ற இணையம்' என்ற இரண்டு சொற்கள்தாம். அவற்றின் ஓரத்தில் சிறியதாக ஒரு நட்சத்திரக் குறி இருக்கும். அந்த நட்சத்திரம் எங்கே போய் இறங்குகிறது என்று தாளின் அடிப்பகுதியில் தேடினால், எறும்பு ஊர்வதுபோல் ஒரு வரி ஓடும். நியாயமான பயன்பாட்டுக் கொள்கைக்கு உட்பட்டது என்பதே அந்த வரி. ஆங்கிலத்தில் எப்.யூ.பி. என்று சுருக்கிச் சொல்வார்கள். நம்மில் பலர் விலையைப் பார்க்கிறோம், ஜிகாபைட்டைப் பார்க்கிறோம். அந்த எறும்பு வரியை மட்டும் விட்டுவிடுகிறோம். தொலைத்தொடர்புப் பொறியியல் படித்தவன் என்ற முறையில், அந்த ஒரு வரிக்குள் என்ன இருக்கிறது என்பதை இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்ல விரும்புகிறேன்.

கெடாவில் தோட்டத்தை ஒட்டிய எங்கள் வீட்டுக்குக் கம்பிவட இணையம் இன்னும் வரவில்லை. விடுமுறையில் வீடு திரும்பும் என் தங்கைக்குக் கைத்தொலைபேசித் தரவுதான் கதி. அவள் எடுத்திருந்த முன்கட்டணத் திட்டம் ஒரு நாளைக்கு 1 ஜிகாபைட் அதிவேக இணையம் தரும். அது முடிந்தபின் நள்ளிரவுவரை விநாடிக்கு 64 கிலோபிட் வேகத்தில் 'வரம்பின்றி' ஓடும். ஒரு நாள் இரவு பத்து மணி இருக்கும், என்னை அழைத்தாள். "அண்ணே, லைன் ஃபுல்லாத்தான் இருக்கு. ஆனா ரிப்போர்ட் ஏற மாட்டேங்குது. பதினொன்னு ஐம்பத்தொன்பதுக்குள்ள அனுப்பணும்," என்றாள். குரலில் அழுகை எட்டிப் பார்த்தது. அந்த ஆய்வறிக்கைக்கு இருபது விழுக்காடு மதிப்பெண்.

முதலில், அவளுடைய 1 ஜிகாபைட் எங்கே போனது என்று பார்ப்போம். அன்று மாலை அவளுக்கு இரண்டு மணி நேர இணையவழி வகுப்பு இருந்தது. ஒளிப்படத்தோடு கூடிய அத்தகைய வகுப்பு விநாடிக்கு ஏறத்தாழ 1 மெகாபிட் எடுத்துக்கொண்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். ஒரு மணி நேரத்தில் 3600 விநாடிகள். 3600 மெகாபிட்டை எட்டால் வகுத்தால் 450 மெகாபைட். இரண்டு மணி நேரத்துக்கு 900 மெகாபைட். மீதி நூறு மெகாபைட்டைத் தொலைபேசி தானாகவே செயலிகளைப் புதுப்பித்துத் தின்றுவிட்டது. இரவு எட்டு மணிக்கெல்லாம் பங்கு தீர்ந்துபோனது. அவள் ஒரு படம்கூடப் பார்க்கவில்லை.

பிட்டும் பைட்டும் கலந்துவிடுவதுதான் இங்கே பலரும் தடுமாறும் இடம். கொள்ளளவைப் பைட்டிலும் வேகத்தைப் பிட்டிலும் எழுதுவது வழக்கம். விநாடிக்கு 64 கிலோபிட் என்றால் விநாடிக்கு வெறும் 8 கிலோபைட். எட்டு மணி முதல் நள்ளிரவுவரை 14,400 விநாடிகள். அதை எட்டால் பெருக்கினால் ஏறக்குறைய 115 மெகாபைட். ஒரு விநாடிகூட ஓய்வில்லாமல் இழுத்தாலும் அன்றிரவு அவளுக்குக் கிடைக்கக்கூடியது அவ்வளவே. இருபத்து நான்கு மணி நேரமும் அந்த வேகத்திலேயே ஓடவிட்டாலும் 691 மெகாபைட்டைத் தாண்டாது. ஆகவே, பங்கு முடிந்தபின் வரும் 'வரம்பற்ற' இணையத்துக்கு ஒரு வரம்பு உண்டு. அதை யாரும் எண்ணாக அச்சிடுவதில்லை, நாமேதான் கணக்கிட வேண்டும்.

வேகத்தை இப்படிக் குறைப்பவர் யார்? நம் வீட்டருகே நிற்கும் கோபுரம் அல்ல. தொலைபேசியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு தரவுப் பொட்டலமும் கோபுரத்தைக் கடந்து, நிறுவனத்தின் மையப் பிணையத்திலுள்ள ஒரு நுழைவாயில் வழியாகத்தான் இணையத்துக்குள் போகிறது. கணக்கு அந்த நுழைவாயிலில் நடக்கிறது. பெரும்பாலான திட்டங்களில் கீழே வருவதும் மேலே போவதும் சேர்த்தே எண்ணப்படுகின்றன. அன்றைய பங்கு தீர்ந்ததும், எந்த வாடிக்கையாளருக்கு எவ்வளவு வேகம் என்று முடிவு செய்யும் கொள்கைக் கணினி நுழைவாயிலுக்குப் புதிய கட்டளை அனுப்புகிறது. அந்த நொடி முதல் அந்த எண்ணுக்குரிய உச்ச வேகம் 64 கிலோபிட்.

நுழைவாயில் அதை எப்படி நிறைவேற்றுகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஒரு வாளியைக் கற்பனை செய்யுங்கள். அந்த வாளிக்குள் விநாடிக்கு 8 கிலோபைட் அளவுக்கு அனுமதிச் சீட்டுகள் சொட்டுச் சொட்டாக விழுகின்றன. ஒரு பொட்டலம் கடந்து போக வேண்டுமென்றால் தன் எடைக்கு ஏற்ற சீட்டுகளை எடுத்துக்கொள்ள வேண்டும். சீட்டு இல்லையென்றால் வரிசையில் நிற்க வேண்டும். வரிசை நிரம்பிவிட்டால் அந்தப் பொட்டலம் கைவிடப்படும். பொட்டலம் தொலைந்ததை உணரும் அனுப்புநர், பாதை நெரிசலாக இருக்கிறது என்று எண்ணித் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்கிறார். சிறிது நேரம் சும்மா இருந்தால் வாளியில் சீட்டுகள் சேர்ந்திருக்கும். அதனால்தான் ஒரு பக்கத்தைத் திறந்தால் முதல் சில வரிகள் சட்டென்று வந்துவிட்டு, பிறகு எல்லாம் உறைந்து நிற்கின்றன.

தங்கை சொன்ன 'லைன் ஃபுல்லா' என்பதன் பொருளும் இதுவே. திரையில் தெரியும் கோடுகள் கோபுரத்துக்கும் தொலைபேசிக்கும் இடையிலான அலையின் வலிமையைக் காட்டுபவை. நுழைவாயிலில் போட்டிருக்கும் பூட்டைப் பற்றி அவற்றுக்கு ஒன்றும் தெரியாது. எனவே கோடுகளைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். வேகச் சோதனை செய்து பாருங்கள். கோபுர நெரிசல் என்றால் எண் ஏறி இறங்கும், வேறு இடத்துக்குப் போனால் மாறும், விடியற்காலையில் தேறும். கொள்கை வெட்டு என்றால் எங்கே நின்று சோதித்தாலும் ஏறத்தாழ அதே 0.06 மெகாபிட்தான் வரும். பங்கு புதுப்பிக்கப்பட்ட சில நிமிடங்களில் பழைய வேகம் திரும்பிவிட்டால் ஐயமே வேண்டாம்.

தங்கையின் அறிக்கை 30 மெகாபைட். அதாவது 240 மெகாபிட். 64 கிலோபிட்டால் வகுத்தால் 3750 விநாடிகள், ஒரு மணி நேரத்துக்குச் சற்றே மேல். இரண்டு மணி நேரம் கையில் இருந்ததே, ஏன் ஏறவில்லை? அதே 8 கிலோபைட்டை அவளுடைய தொலைபேசியிலிருந்த மற்றச் செயலிகளும் பங்குபோட்டுக்கொண்டிருந்தன. புலனத்தில் யாரோ அனுப்பிய படங்கள் பின்னணியில் இறங்கிக்கொண்டிருந்தன. இப்படி இழுபட்டதில், பல்கலைக்கழகத்தின் தளம் இவ்வளவு மெதுவான இணைப்புக்குக் காத்திராமல் நடுவில் அறுத்துவிட்டது. ஒவ்வொரு முறை அறுந்ததும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இன்னொரு கொடுமையும் உண்டு. பங்கு புதுப்பிக்கப்படுவது பன்னிரண்டு மணிக்கு. தளம் மூடுவது அதற்கு ஒரு நிமிடம் முன்பு.

இரண்டே வேலை செய்யச் சொன்னேன். பின்னணித் தரவை எல்லாச் செயலிகளுக்கும் நிறுத்தச் சொன்னேன். அறிக்கையிலிருந்த ஒளிப்படங்களைச் சுருக்கி மறுபடியும் சேமிக்கச் சொன்னேன். கோப்பு 3 மெகாபைட்டுக்கு வந்தது. கணக்குப்படி ஆறேகால் நிமிடம் ஆக வேண்டும், நடப்பில் ஒன்பது நிமிடம் ஆனது. பதினொன்றுக்கு முன்பே ஏறிவிட்டது.

நம் முன்னாள் மாணவர்கள் இதைப் படித்துச் சிரிக்கக்கூடும். தொலைபேசிக் கம்பியில் 56 கிலோபிட் மோடத்தைப் பாட வைத்து மின்னஞ்சல் பார்த்தவர்கள் அவர்கள். 64 கிலோபிட் அதைவிட அதிகம்தானே என்று கேட்கலாம். அன்றைய பக்கங்கள் சில பத்துக் கிலோபைட்டுகளில் அடங்கின. இன்றைக்கு 2 மெகாபைட் கொண்ட ஒரு பக்கம் இந்த வேகத்தில் இறங்க நான்கு நிமிடத்துக்கு மேலாகும். குழாய் அதேதான், நாம் அதில் ஊற்றுவது மாறிவிட்டது. எழுத்துச் செய்தி மட்டும் இன்றும் சிரமமின்றிப் போய்ச் சேரும், ஏனெனில் அதன் எடை ஓரிரு கிலோபைட்டே.

இப்படி ஒரு வெட்டு ஏன் வேண்டும்? கோபுரத்தின் அலைவரிசை அங்கிருக்கும் அனைவருக்கும் பொதுச்சொத்து. 20 மெகாஹெர்ட்ஸ் அகலமும் இரண்டு ஆண்டெனாக்களும் கொண்ட நான்காம் தலைமுறைத் தடத்தின் ஏட்டளவு உச்சம் விநாடிக்கு 150 மெகாபிட். ஐம்பது பேர் ஒரே நேரத்தில் கேட்டால் ஆளுக்கு 3 மெகாபிட், களத்தில் அதற்கும் குறைவு. ஒருவரே நாள் முழுதும் இழுத்துக்கொண்டிருந்தால் மற்றவர் பங்கு குறையும். அதைத் தடுக்கவே இந்தக் கொள்கை என்கிறார்கள். அதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மை இல்லை. யாருமே பயன்படுத்தாத பின்னிரவு இரண்டு மணிக்கு நீங்கள் இறக்கும் ஒரு மெகாபைட்டும், ஊரே விழித்திருக்கும் இரவு ஒன்பது மணியின் மெகாபைட்டும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். நெரிசலைப் பார்த்து வெட்டுவதில்லை, எண்ணைப் பார்த்து வெட்டுகிறார்கள். ஆகவே இது பங்கீடு என்பதோடு, ஒரு விலைப்பட்டியலும்கூட. கூடுதல் வேகம் வேண்டுவோர் மேலும் பணம் கட்டட்டும் என்பதே அதன் உட்பொருள்.

நாட்பங்கு முறை பெரும்புகழ் பெற்றது இந்தியாவில். 2016 செப்டம்பரில் ஜியோ தொடங்கியபோது நாளொன்றுக்கு 4 ஜிகாபைட் இலவசமாகத் தந்தது. 2017 சனவரியில் அது 1 ஜிகாபைட்டாகச் சுருங்கியது. அதன்பின் வேகம் 128 கிலோபிட். அதே 2016இல், கம்பிவட அகன்ற அலைவரிசையில் பங்கு தீர்ந்த பின்னும் வேகம் 512 கிலோபிட்டுக்குக் கீழே போகக்கூடாது என்று இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் உத்தரவிட்டது. கைத்தொலைபேசிக்கு அந்த உத்தரவு பொருந்தவில்லை.

ஆகவே, அடுத்த முறை திட்டம் வாங்குமுன் அந்த எறும்பு வரியில் நான்கு விடைகளைத் தேடுங்கள். அதிவேகப் பங்கு எத்தனை? அது முடிந்தபின் வேகம் எத்தனை கிலோபிட்? பங்கு புதுப்பிக்கப்படுவது நள்ளிரவிலா, வாங்கிய நேரத்திலிருந்து இருபத்து நான்கு மணி நேரம் கழித்தா? மடிக்கணினிக்குப் பகிர்ந்தால் அதற்குத் தனி வரம்பு உண்டா? இரண்டாவது விடையை எட்டால் வகுத்துவிடுங்கள். வருவதுதான் உங்கள் 'வரம்பற்ற' இணையம் விநாடிக்குத் தரும் கிலோபைட். அந்த எண்ணில் உங்கள் ஒப்படைப்பு ஏறுமா என்று கணக்கிட்டுப் பார்த்த பிறகு ரிங்கிட்டை எடுத்து நீட்டுங்கள்.