பதியாத கிரயப் பத்திரமும் 64 சென்ட் நிலமும்

கொல்லிமலையில் மிளகும் காப்பியும் வாங்கச் சென்று, பின்னர் அங்கேயே சிறு நிலமும் வாங்கிய நம் சகோதரர்கள் சிலரிடம் ஒரு கேள்வியை நாம் பலமுறை எதிர்கொண்டிருக்கிறோம். “விலை பேசினோம், பணம் கொடுத்தோம், இரு சாட்சிகள் கையொப்பமிட்டார்கள். ஈஜாபும் கபூலும் நிறைவேறிய பின் பதிவு எதற்கு ஹஜ்ரத்?” மார்க்கத்தைப் பற்றி அவர்கள் சொல்வது சரி. ஆனால் நிலத்தின் உரிமையை நீதிமன்றமும் வங்கியும் கிராம நிர்வாக அலுவலரும் வேறொரு சட்டத்தின்படி பார்க்கிறார்கள்.

நாம் அறிந்த ஒரு நிகழ்வு. ஒரு வியாபாரி மலையில் 64 சென்ட் காப்பித் தோட்டத்தை மற்றொரு முஸ்லிம் வியாபாரியிடமிருந்து வாங்கினார். முத்திரைத்தாளில் கிரயப் பத்திரம் எழுதி, முழுத் தொகையும் கொடுத்துத் தோட்டத்தையும் ஒப்புக்கொண்டார். பத்திரம் பதியப்படவில்லை. ஆண்டுகள் கழிந்து விற்றவர் வஃபாத்தானார். வாங்கியவர் மகளின் நிகாஹுக்காக நிலத்தை விற்க முயன்றபோது வில்லங்கச் சான்றில் அவருடைய கிரயமே இல்லை. பட்டா மர்ஹூமின் பெயரிலேயே இருந்தது. வாங்க வந்தவர் முன்பணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போய்விட்டார்.

காரணம் எளியது. 1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின்படி, 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள நிலத்தின் விற்பனை, பதிவு செய்யப்பட்ட பத்திரத்தால் மட்டுமே நிகழும். பதியாத பத்திரத்தால் உரிமை கைமாறுவதில்லை. எழுதிய நாளிலிருந்து நான்கு மாதங்களுக்குள் அதைப் பதிவுக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அபராதத்துடன் மேலும் நான்கு மாதங்கள் கிடைக்கலாம். அதன் பின் அந்தத் தாளையே கொண்டுபோய்ப் பதிய இயலாது, புதிதாக எழுத வேண்டும். தோட்டத்தில் இருக்கிறோம் என்பதும் முன்போல் காப்பதில்லை. 2001ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, பதியப்படாத ஒப்பந்தத்தை வைத்து அந்தப் பாதுகாப்பைக் கோர முடியாது.

இங்கே ஹிபாவை எடுத்துக்காட்டுவோர் உண்டு. முஸ்லிமின் ஹிபா பதிவின்றியும் செல்லும் என்பது உண்மைதான். ஈஜாப், கபூல், உடைமை ஒப்படைப்பு மூன்றும் இருந்தால் போதும் என்பதை உச்ச நீதிமன்றம் 2011இல் உறுதி செய்தது. ஆனால் அந்த விலக்கு அன்பளிப்புக்கே உரியது. விலை வாங்கிக்கொண்டு கொடுத்தது விற்பனை. அதற்கு ஹிபா என்று பெயர் சூட்டுவது பொய்யாகும்.

அப்படியானால் அந்தத் தாள் வெறும் காகிதமா? இல்லை. தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது இது: உரிமைக்குச் சான்றாகாத பதியாத கிரயப் பத்திரம், விற்க ஒப்புக்கொண்டதற்குச் சான்றாகலாம். அதைக் கொண்டு, பத்திரத்தை முறையாக எழுதித் தரும்படி வாரிசுகள் மீது வழக்குத் தொடரலாம். நாள் குறிக்கப்படாத ஒப்பந்தமாயின், மறுப்பு தெரிந்த நாளிலிருந்து மூன்று ஆண்டுகளே அவகாசம். குறைந்த முத்திரைக் கட்டணத்துக்கு அபராதமும் செலுத்த நேரும்.

நம் வியாபாரியின் விஷயத்தில் வழக்கு தேவைப்படவில்லை. மர்ஹூமின் மகன் கையொப்பமிட முன்வந்தார். முழு நிலத்துக்கும் தாம் ஒருவரே எழுதித் தருவதாகவும் சொன்னார். இதில்தான் பலர் ஏமாறுகிறார்கள். பதிவு எதை நிரூபிக்கிறது? இன்னார் இன்ன நாளில் இப்பத்திரத்தை எழுதிக் கொடுத்தார், சார்பதிவாளர் முன் வந்து ஒப்புக்கொண்டார் என்பதை. அது எவரும் தேடிப் பார்க்கக்கூடிய பதிவேட்டிலும் ஏறுகிறது. ஆனால் எழுதிக் கொடுத்தவருக்கு அந்நிலம் சொந்தமா என்பதை அது நிரூபிப்பதில்லை. தமிழ்நாட்டுப் பதிவு விதிகளில் 55ஏ(i)ஐ 2025 ஏப்ரலில் ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே கூறிவிட்டது: விற்பவரின் உரிமையை ஆராய்ந்து தீர்ப்பது பதிவு அலுவலரின் வேலையன்று.

மர்ஹூமுக்கு மனைவி, ஒரு மகன், இரு மகள்கள். சட்டத்தின் பார்வையில் நிலம் இன்னும் அவருடையதே. ஆகவே ஃபராயிள் கணக்கில் மனைவிக்கு 8 சென்ட், மகனுக்கு 28, மகள்களுக்குத் தலா 14. மகன் மட்டும் எழுதிப் பதிந்திருந்தால், பத்திரத்தில் 64 என்று இருந்தாலும் கைமாறுவது 28 சென்ட்தான். மீதி 36 சென்டுக்கு நாளை ஒரு சகோதரி வந்து நின்றால் பதிவு முத்திரை அவரைத் தடுக்காது.

மகள்களில் இளையவர் சற்றுத் தயங்கினார். நிலத்தின் விலை இப்போது பன்மடங்காகிவிட்டது. சட்டப்படி தம் பங்கு இருக்கிறதே என்றார். உங்கள் வாப்பா விலையை முழுமையாகப் பெற்றுக்கொண்டு விற்ற பொருள் அவருடைய தரிகாவில் சேருமா என்று மட்டும் நாம் கேட்டோம். இரண்டு நாள் கழித்து ஒப்புக்கொண்டார்.

அவர் மலேசியாவில் வசிப்பதால், அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று, தம் அண்ணனுக்கு அதிகாரப் பத்திரம் அனுப்பியிருக்கிறார். அது இந்தியாவுக்கு வந்து சேர்ந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைக் கட்டணம் செலுத்தப்பட வேண்டும். அதன் பிறகே நால்வரின் பெயரிலும் புதிய கிரயப் பத்திரம் எழுதப்படும், இன்ஷா அல்லாஹ்.