நாற்பதுக்கு முன்

மற்ற ஊர்களில் தலைப்பிள்ளைக்குத் தாய்வீட்டுக்குப் பயணம் போவார்கள். எங்கள் காத்தான்குடியில் அந்தப் பயணம் இல்லை. இங்கே கல்யாணம் முடித்தால் மாப்பிள்ளைதான் பெண்வீட்டுக்கு வருவார். வாப்பா கட்டிய வீட்டை ராத்தாவின் பெயருக்கு உறுதி எழுதிக் கொடுத்துவிட்டு, உம்மாவும் நாங்களும் அதே வளவில் பின்னாலுள்ள சின்ன வீட்டுக்கு மாறிவிட்டோம். ஆகவே ராத்தா பிள்ளை பெற்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்தது தன்னுடைய சொந்த வீட்டுக்குத்தான். ஆனால் உறுதியில் யார் பெயர் இருந்தாலும், அந்த நாற்பது நாளும் அந்த அறை உம்மம்மாவின் ராச்சியம்.

அது கச்சான் காற்று வீசும் காலம். வாவிப் பக்கமிருந்துகூட அனல்தான் வந்தது. உம்மம்மா யன்னலைச் சாத்தி, ராத்தாவின் காதில் பஞ்சு வைத்து, தலையில் துணி கட்டினார். மச்சானின் கட்டில் முன்னறைக்குப் போனது. மிளகு, சீரகம், கொத்தமல்லி, மஞ்சள், திப்பிலி, வேர்க்கொம்பு எல்லாம் வறுத்து அரைத்து, உள்ளி நிறையப் போட்டு, கொச்சிக்காய் சேர்க்காமல் சரக்குக் கறி ஆக்கினார். பால் ஊற வேண்டுமென்று சுறா வறை. இலைகள் அவித்த வெந்நீரால் உடம்புக்கு ஒத்தடம். இதெல்லாம் ராத்தாவுக்கும் பிடித்திருந்தது. "உம்மம்மாட கை பட்டாத்தான் இடுப்பு எனக்கிட்ட திரும்பி வருது" என்று சொல்லிச் சிரிப்பாள்.

சிரிப்பு நின்றது தண்ணீரில். காலையில் ஒரு கோப்பை, இரவில் ஒரு கோப்பை, அவ்வளவுதான்.

"தண்ணி கூடக் குடிச்சா வயிறு தள்ளிப் போயிரும் மகள். பொறுத்துக்க."

ஆறாம் நாள் ராத்தாவுக்குத் தலையிடி. உதடு வெடித்திருந்தது. சிறுநீர் பிளேன்டீ நிறத்தில் போவதாக என்னிடம் மட்டும் சொன்னாள். மலம் இறுகியதால் தையல் போட்ட இடத்தில் உயிர் போகும் வலி. பொறுத்துக்கொள்ளச் சொன்னவரிடம் போய் அதைச் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சொல்லாமல் இருந்ததில் என் பங்கும் உண்டு.

எட்டாம் நாள் குடும்பநல மாது இரண்டாவது தடவையாக வந்தார். கேட்ட முதல் கேள்வியே எத்தனை தரம் சிறுநீர் போகிறது என்பதுதான். பிறகு உம்மம்மாவைப் பக்கத்தில் இருத்தி, அவரின் விரல்களை ராத்தாவின் அடிவயிற்றில் வைத்து அழுத்திக் காட்டினார். பிள்ளை பிறந்த மறுநாள் தொப்புள் அளவில் இருந்த கருப்பை, நாளுக்கு ஏறக்குறைய ஒரு விரல் அளவு இறங்கி, இப்போது இடுப்பெலும்புக்குச் சற்று மேலே கெட்டியாகத் தட்டுப்பட்டது. பிள்ளை பால் குடிக்கும்போதெல்லாம் அது சுருங்கும், தண்ணீரால் அது பெருக்காது என்றார். தாய்ப்பாலில் நூற்றுக்கு எண்பத்தேழு பங்குக்குமேல் தண்ணீர்தான், அது இவளின் உடம்பிலிருந்துதானே போகிறது என்றும் சொன்னார்.

உம்மம்மா வாதாடவில்லை. மறுநாள் விடியவே பெரிய பானையில் கொத்தமல்லி அவித்து, போத்தல்களில் ஊற்றி ராத்தாவின் தலைமாட்டில் வைத்தார். "இது தண்ணி இல்ல, மருந்து. ஒவ்வொரு தரம் பால் குடுக்கக்கொள்ள ஒரு கோப்பை குடி." யன்னலும் பாதி திறந்தது. இரண்டு நாளில் சிறுநீர் தெளிந்தது.

அடுத்தது அவ்வளவு இலேசாக முடியவில்லை.

இருபத்தாறாம் நாள் ராத்தாவுக்கு இரத்தம் நின்றது. நாங்கள் உயர்தரத்துக்கு இஸ்லாம் பாடம் படிப்பதால் எனக்கு நிபாஸின் சட்டம் ஓரளவு தெரியும். ஷாபிஈ மத்ஹபில் அது பெரும்பாலும் நாற்பது நாள், ஆகக் கூடியது அறுபது நாள். ஆகக் குறைந்ததற்கு எல்லையே இல்லை, ஒரு கணமாகவும் இருக்கலாம். நின்றுவிட்டால் குளித்துத் தொழ வேண்டும், நாற்பதைக் காத்திருக்கக் கூடாது. நின்றதை எப்படி அறிவது என்பதைப் பாடத்தில் மேலோட்டமாகத்தான் படித்திருந்தோம், எங்கள் மௌலவியாதான் விளக்கினார். வெள்ளைப் பஞ்சை வைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு மட்டுமல்ல, மஞ்சளோ கலங்கல் நிறமோ பட்டாலும் இன்னும் முடியவில்லை. பஞ்சு வெறுமையாகவோ வெள்ளையாகவோ வந்தால் முடிந்தது. குளித்த பிறகு சில நாளில் மறுபடி கண்டால் தொழுகையை நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். திடீரென்று கட்டிகட்டியாக, ஒரு மணித்தியாலத்தில் ஒரு துணி நனையும் அளவுக்கு வந்தால், அல்லது காய்ச்சலோ துர்நாற்றமோ இருந்தால், அது சட்டம் கேட்கிற நேரமில்லை, ஆஸ்பத்திரிக்குப் போகிற நேரம் என்றும் அவர் சொன்னார்.

ராத்தா மூன்று தரம் பார்த்தாள். மூன்று தரமும் பஞ்சு வெள்ளை.

"நான் குளிச்சித் தொழப்போறன்" என்றாள்.

உம்மம்மா எழும்பிக் கதவடியில் நின்றார். "நாப்பதுக்கு முன்ன தலைக்கு ஊத்தவா? உனக்கு சன்னி வரணுமா?" அவர் சத்தம்போட்டு நான் அதற்கு முன் கேட்டதில்லை. உம்மா இரண்டு பேருக்கும் நடுவில் பிள்ளையை வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார். நான் படித்த திமிரில் மத்ஹபைச் சொல்லத் தொடங்கினேன். "வாய மூடு" என்றாள் ராத்தா, என்னைப் பார்த்து.

அவள் உம்மம்மாவின் கையைப் பிடித்துக் கட்டிலில் இருத்தி, சன்னி யாருக்கு வந்தது என்று கேட்டாள். அப்போதுதான் எங்களில் யாருக்கும் தெரியாத கதை வந்தது. உம்மம்மாவின் தங்கை வீட்டில் மருத்துவிச்சி கையில் பிள்ளை பெற்றாராம். ஐந்தாம் நாள் கிணற்றுத் தண்ணீரில் தலைக்கு ஊற்றிக் குளித்தாராம். அன்றிரவு காய்ச்சல், பிதற்றல். மூன்றாம் நாள் மையத்து. "நான்தான் வாளியில தண்ணி அள்ளிக் குடுத்த" என்றார்.

அந்தக் காய்ச்சல் பிரசவ நேரத்தில் அழுக்குக் கையாலோ கருவியாலோ உள்ளே போன கிருமியின் வேலையாகத்தான் இருக்க வேண்டும். குளித்த நாளும் காய்ச்சல் தெரிந்த நாளும் ஒன்றாகிவிட்டன. இதைச் சொல்ல எனக்கு நாக்கு வரை வந்தது. நல்லவேளை, ராத்தா முந்திக்கொண்டாள். "அப்ப இந்தத் தண்ணியயும் நீங்களே தாங்க உம்மம்மா. எவ்வளவு சூடு வேணுமோ, உங்கட கையால."

அன்று பின்னேரம் உம்மம்மா இலை போட்டுத் தண்ணீர் கொதிக்க வைத்து, முழங்கையில் ஊற்றிச் சூடு பார்த்து, ஆற வைத்து, மறுபடி பார்த்து ஊற்றினார். சாம்பிராணிப் புகையில் முடியைக் காய வைத்தார். புகை ஆகாதென்று பிள்ளையை உம்மா பின்வீட்டுக்குத் தூக்கிப்போனார். ராத்தா மஃரிப் தொழுதாள். நின்று தொழ முடிந்தது. ஸுஜூதிலிருந்து எழும்பும்போது மட்டும் கட்டிலைப் பிடித்தாள்.

மற்றக் கட்டுப்பாடுகளை அவள் விடவில்லை. நாற்பது வரை படலையைத் தாண்டவில்லை, சரக்குக் கறியை விடவில்லை. வருகிறவர்கள் எல்லாரும் பிள்ளையை முத்தமிடுவதைத்தான் நிறுத்தச் சொன்னாள், அதைக் கதவில் நின்று செய்துமுடித்தவரும் உம்மம்மாதான்.

மூன்று நாள் கழித்து இரவில் உம்மம்மா என் பாயடிக்கு வந்தார்.

"மகள், உங்கட மௌலவியாக்கிட்ட ஒண்டு கேக்கணும். நான் ஆறு பெத்தன். ஆறுக்கும் நாப்பது இருந்தன். அஞ்சாவதுக்கு இருவது நாளையில நிண்டிட்டு. அப்ப நான் விட்ட தொழுகையெல்லாம்?"

கேட்டுக்கொண்டு வந்தேன். நினைவுக்கு எட்டிய அளவில் கணக்கெடுத்து கழாச் செய்ய வேண்டும், ஒவ்வொரு பர்ளுக்குப் பிறகும் ஒன்றாகத் தொழுதாலும் போதும் என்றார் மௌலவியா. உம்மம்மா என் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றைக் கேட்டு வாங்கினார். முழங்கால் வலியால் கதிரையில் இருந்துதான் தொழுவார். லுஹர் முடிந்ததும் இன்னொரு லுஹர். பிறகு எழுத்துத் தெரியாத அந்தக் கையால் கொப்பியில் ஒரு கோடு.