ராகுகாலமும் ஒற்றைத் தையலும்

சனிக்கிழமை: நாற்பது பைகளுடன் சந்தையிலே கடை விரித்தேன். வாரம் ஐந்து நாள் கோப்பு புரட்டும் குமாஸ்தா, ஆறாம் நாள் வியாபாரி! 2019 சனவரி முதல் தமிழ்நாட்டிலே பிளாஸ்டிக் பைக்குத் தடை; துணிப்பைக்கு ஆள் வராமலா போவார் என்பது என் எண்ணம்.

மணி ஒன்பதரை. முதல் பையை ஓர் அம்மையார் ஐம்பது ரூபாய் கொடுத்து வாங்கினார். "ராகுகாலத்திலே போணி பண்ணிட்டீங்களே, தம்பி!" என்று பதறினார் பக்கத்துக் கடைப் பெரியவர். நான் சிரித்தேன். மாலைக்குள் இருபத்தெட்டுப் பைகள் விற்றன.

அடுத்த சனிக்கிழமை: அந்த அம்மையாரே வந்தார், கைப்பிடி அறுந்த பையோடு. "நான் சொன்னேனே!" என்றார் பெரியவர். என் சிரிப்பு மறைந்தது. ஆனால் சிந்தனை மறையவில்லை. பிற்பகலில் விற்ற பைகள் இரண்டும் அதேபோல் அறுந்து வந்தன. அப்போது ஏது ராகுகாலம்?

பணத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, பைகளை வீட்டுக்கு எடுத்துச் சென்றேன். என் துணைவியார் பிரித்துப் பார்த்துச் சொன்னார்: "கைப்பிடியை விளிம்பிலே ஒற்றைத் தையலில் நிறுத்திவிட்டேன். சுமை முழுதும் அந்த ஒரு வரிசை நூலிலே தொங்கியிருக்கிறது." கைப்பிடியின் நுனியை ஓர் அங்குலம் உள்ளே இறக்கி, சதுரமாகத் தைத்து, அதன் நடுவே குறுக்கும் நெடுக்குமாகப் பெருக்கல் குறி போட்டார். ஐந்து கிலோ அரிசியை இட்டு இரவு முழுதும் ஆணியிலே தொங்கவிட்டோம். காலையிலும் தையல் அசையவில்லை. பஞ்சாங்கம் பார்க்கவில்லை, பையைப் பார்த்தோம்!

ஞாயிறு: கணக்கு எழுதினேன். ஒரு மீட்டர் காடாத் துணி அறுபது ரூபாய்; அதில் இரண்டு பைகள். நாற்பது பைகளுக்குத் துணி 1200. நூல், பேருந்து, சந்தை வாடகை 200. ஆக, பைக்கு 35 ரூபாய் அடக்கம். 15 ரூபாய் இலாபம். பெருமையோடு நீட்டினேன்.

"தையற்கூலி எங்கே?" என்றார் துணைவியார்.

திகைத்தேன். பைக்கு அரைமணி, நாற்பது பைக்கு இருபது மணி நேரம் அவர் உழைத்திருக்கிறார். வெளியே கொடுத்தால் பைக்கு இருபது ரூபாய் கேட்பார்கள். சேர்த்தால் அடக்கம் 55. விற்றதோ 50! இலாபமென்று நான் எண்ணியது அவருக்குத் தராத கூலி.

ராகுகாலத்தை மறுத்தவன் நான். பகுத்தறிவாளன் என்ற பட்டம் வேறு! மனைவியின் உழைப்புக்கு விலையில்லை என்ற பழைய மூடத்தனம் என் கணக்கேட்டிலேயே குடியிருந்ததே!

இனிப் பை 65 ரூபாய். சிலர் வாங்காமல் போவார்கள், போகட்டும். கணக்கின் முதல் வரி கூலி, அவர் கையில். இரவில் வெட்டுவதும் மடிப்பதும் என் வேலை. தோழர்களே, உங்கள் வீட்டுக் கணக்கிலே அந்த வரி இருக்கிறதா?