காய்ச்சலில் வரும் வலிப்பு

குழந்தைக்குக் காய்ச்சல் வருவது எல்லா இல்லங்களிலும் உள்ளதே. ஆனால் அக்காய்ச்சலினூடே கண்கள் மேலே செருகி, கைகால்கள் வெட்டி இழுக்குமாயின் பெற்றோர் நெஞ்சம் படும் பாட்டைப் பட்டவரே அறிவர். தொம்மலூரில் குடியிருக்கும் நாங்கள் சென்ற மழைக்காலத்தில் அதனை அறிந்தோம். அப்போது எங்கள் இளைய மகனுக்கு வயது ஒன்றரை. நம் சங்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்றெண்ணி இதனை எழுதுகிறோம்.

அன்று மாலை வரையில் குழந்தைக்குச் சிறிது மூக்கொழுகலே இருந்தது. இரவு ஏழு மணி அளவில் உடல் திடீரெனச் சுட்டது. சற்று நேரத்தில் உடல் விறைத்தது. பின்னர் கைகால்கள் இரண்டு புறமும் ஒரே சீராக வெட்டின. அழைத்தால் உணர்வில்லை, உதடு சிறிது நீலம் பாய்ந்தது.

புகைவண்டி வருவதையும் போவதையும் நிமிடக் கணக்கில் எழுதிப் பழகிய கை ஆதலின், முதலில் கடிகாரத்தைப் பார்த்தோம். இதுவே முதல் வேலை என்று பின்னர் மருத்துவரும் கூறினார். அச்சத்திலே ஒரு நிமிடம் பத்து நிமிடமாகத் தோன்றும். அடுத்துச் செய்ய வேண்டியதோ அந்த நிமிடக் கணக்கையே பொறுத்தது.

குழந்தையைத் தரையில் பாய்மேல் ஒருபக்கமாகச் சாய்த்துக் கிடத்தினோம். அவ்வாறு கிடத்தினால் எச்சிலும் வாந்தியும் வெளியே வழிந்துவிடும்; மூச்சுக்குழலுள் இறங்கா. கழுத்துப் பித்தானைத் தளர்த்தி, அருகிருந்த மரப்பொம்மைகளை அகற்றினோம். கைகால்களை இறுக்கிப் பிடிக்கவில்லை. பிடிப்பதால் வலிப்பு நிற்பதில்லை. எலும்புக்கும் மூட்டுக்கும் ஊறு நேரலாம்.

கூக்குரல் கேட்டு, அடுத்த வீட்டுப் பாட்டி இரும்புச் சாவிக்கொத்தும் கரண்டியுமாக ஓடிவந்தார். “நாக்கை விழுங்கிவிடும் அப்பா, கரண்டியைப் பல்லிடையே வை” என்றார். “வேண்டாம் பாட்டி, நாக்கை யாரும் விழுங்க முடியாது, பல்தான் உடையும்” என்று பணிவுடன் தடுத்தோம். உடைந்த பல் மூச்சுக்குழலை அடைத்தால் வலிப்பினும் பெரிய ஆபத்து. நினைவில்லாத குழந்தையின் வாயில் தண்ணீரோ மருந்தோ ஊற்றுவதும் அவ்வாறே. சாவி பிடித்ததும் வலிப்பு நின்றதாகப் பலர் சொல்வதற்குக் காரணம், பெரும்பாலான வலிப்புகள் சில நிமிடங்களில் தாமாகவே நிற்பதுதான். எங்கள் மகனுக்கு இரண்டரை நிமிடத்தில் நின்றது.

ஐந்து நிமிடம் கடந்தும் நில்லாவிடில் 108 எண்ணை அழைத்தல் வேண்டும். உடலின் ஒரு பக்கம் மட்டும் இழுத்தாலும், நின்றபின் மூச்சு சீராகாவிடினும், தெளியுமுன் மறுபடி வந்தாலும் அவ்வாறே. கன்னடம் அறியாதவர் “மகுவிகே ஜ்வரதல்லி பிட்ஸ் பந்திதே” என்ற ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்தால் போதும்.

வலிப்பு நின்றபின் குழந்தை துவண்டு உறங்கியது. அதுவும் இயல்பே, ஒரு மணி நேரத்திற்குள் தெளிந்து தாயை அடையாளம் கண்டுகொள்ள வேண்டும். முதன்முறை வலிப்பு வந்த குழந்தையை அன்றைக்கே மருத்துவரிடம் காட்டுதல் அவசியம். வலிப்பைக் காட்டிலும் காய்ச்சலின் காரணத்தையே அவர் தேடுவார். கழுத்து விறைப்பு, உச்சிக்குழி புடைப்பு, ஓயாத வாந்தி, தெளியாத மயக்கம், அழுத்தினாலும் மறையாத செந்நிறப் புள்ளிகள் ஆகியவை மூளைக்காய்ச்சலின் அறிகுறிகளாகலாம். எங்கள் மகனிடம் அவை ஒன்றும் இல்லை. தொண்டை அழற்சியே காரணம் என்றார். தலையைப் படமெடுக்கவும் தேவையில்லை என்றார்.

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையில், வளரும் மூளை காய்ச்சலைத் தாங்காமல் இவ்வாறு வெட்டுவதுண்டு. சில குடும்பங்களில் இது வழிவழியாக வரும். என் மனைவியின் தமையனுக்கும் இளமையில் இருந்ததாம். ஒருமுறை வந்த குழந்தைகளுள் ஏறக்குறைய மூன்றில் ஒன்றுக்கு மீண்டும் வரலாம். சில நிமிடத்தில் நின்றுவிடும் இத்தகைய வலிப்பினால் அறிவு குன்றுவதில்லை. பின்னாளில் காக்காய்வலிப்பு வருவதும் மிக அரிது.

காய்ச்சல் மருந்து கொடுத்தால் இனி வராதல்லவா என்று வினவினோம். “மருந்து குழந்தையின் வேதனையைத் தணிக்கும், வலிப்பைத் தடுக்கும் என்று நம்ப வேண்டாம்” என்பது மருத்துவர் விடை. ஆகவே மருந்து தந்த பின்னும் வலிப்பு வந்தால், வேளைக்குக் கொடுக்கவில்லையே என்று தாயைக் கடிந்துகொள்ளுதல் தகாது. குளிர்ந்த நீரில் முழுக்காட்டுவதும் கூடாது. நடுக்கம் கண்டு குழந்தை மேலும் வருந்தும்.

மருத்துவர் எங்களிடம் கேட்டவை நான்கு: எத்தனை மணிக்குத் தொடங்கியது, எத்தனை நிமிடம் நீடித்தது, இரு பக்கமும் இழுத்ததா, எவ்வளவு நேரத்தில் தெளிந்தது. இந்நான்கிற்கும் விடை எழுதிய சீட்டு இப்போது எங்கள் மருந்துப் பெட்டியினுள் இருக்கிறது.