தமிழில் அழுத்தம் எங்கே?

பி.காம். பாடத்தில் அடிக்கடி வரும் 'எக்ஸ்போர்ட்' என்ற ஆங்கிலச் சொல்லை முன்னால் அழுத்தினால் பெயர். பின்னால் அழுத்தினால் வினை. தமிழில் இப்படி ஒரு ஜோடி கிடைக்குமா என்று தேடினேன். அகப்படவில்லை. 'படு'வை எங்கே அழுத்தினாலும் படுதான். 'பாடு' ஆக வேண்டுமென்றால் உயிரை நீட்டத்தான் வேண்டும்.

அப்படியானால் அழுத்தமே கிடையாதா? 'வைகை' என்று வேகமாகச் சொல்லிப் பாருங்கள். முதல் ஐ தெளிவாக நிற்கும். இரண்டாவது தேய்ந்து 'வைகெ' ஆகிவிடும். பள்ளியில் படித்த ஐகாரக்குறுக்கம்தான் இது: தனியே 2 மாத்திரை, சொல்லின் முதலில் 1½, நடுவிலும் கடைசியிலும் 1. முதல் அசைக்குக் கொஞ்சம் பலம் உண்டு என்பதற்கு இது ஓர் அடையாளம். ஆனால் அந்தப் பலம் இடம் மாறிப் பொருளை மாற்றுவதில்லை. ஆங்கில அழுத்தத்தோடு அதை ஒன்றாக்க முடியாதது அதனால்தான்.