கடைசியில் சாத்தும் கதவு

என் சித்தப்பா சிங்கப்பூரில் சீனர் ஒருவரின் மளிகைக் கிட்டங்கியில் பல ஆண்டுகள் வேலை பார்த்தவர். சென்ற பொங்கலுக்கு நிலக்கோட்டை வந்திருந்தபோது, சீன எழுத்துக் கற்க வேண்டுமென்ற என் ஆசையை அவரிடம் சொன்னேன். கணக்கு நோட்டில் ஒரு கட்டத்தைக் காட்டி, "நம்ம ஊர் எழுத்து ஒண்ணு சொல்லித் தரட்டுமா?" என்றார்.

அது 'தியன்'. வயல் என்று பொருள். ஒரு சதுரம், அதற்குள் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு வரப்புகள். அவ்வளவுதான். நான் நான்கு பக்கமும் கோடிழுத்து, உள்ளே ஒரு கூட்டல் குறியும் போட்டு நீட்டினேன்.

"ஆறு கோடு போட்டிருக்கே. இதுக்கு அஞ்சுதாம்மா" என்று சொல்லி எழுதிக் காட்டினார். முதலில் இடப்பக்கச் சுவர், மேலிருந்து கீழே. அடுத்து மேற்சுவரை இடமிருந்து வலமாக இழுத்து, பேனாவை எடுக்காமலே திருப்பி, வலச்சுவராக இறக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து ஒரே கோடு. பிறகு குறுக்கு வரப்பு, அதன்பின் நெடுவரப்பு. அடிச்சுவர் கடைசி. "உள்ளே போறவங்க எல்லாம் போன பிறகுதான் கதவைச் சாத்தணும்" என்றார்.

பார்வைக்கு இரண்டும் ஒன்றுதானே, வரிசையில் என்ன இருக்கிறது என்று வாதாடினேன். (வாதாடுவதற்கு என்னைக் கேட்க வேண்டுமா!) அப்போதுதான் தம் கதையைச் சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில், தியன் என்ற குடும்பப் பெயருள்ள வாடிக்கையாளரின் அரிசி மூட்டையில் அந்த எழுத்தை எழுதினாராம். என்னைப் போலவே சதுரத்தை மூடிவிட்டு நெடுவரப்பை இழுக்க, அது அடிச்சுவரைத் தாண்டி ஒரு விரற்கடை கீழே இறங்கிவிட்டது. வால் முளைத்த அந்த வயல் 'ஜியா' என்ற வேறெழுத்து. முதல் தரம் என்று பொருள். மூட்டை உயர்ந்த அரிசி அடுக்குக்குப் போய்விட்டது. மேலே வால் நீண்டால் இன்னொரு எழுத்து, இருபுறமும் நீண்டால் வேறொன்று.

அடிச்சுவரைக் கடைசியில் போட்டால் நெடுவரப்பு நின்ற இடத்திலேயே அதை இழுத்து மூடிவிடலாம்; வால் முளைக்க வழியில்லை. ஜியாவுக்கோ வரிசை வேறு. சதுரத்தை மூடிய பின்பே நெடுங்கோட்டை வேண்டுமென்றே கீழே கடந்து இழுப்பார்கள். எங்கே நிற்பது, எங்கே தாண்டுவது என்பதை வரிசைதான் கைக்குச் சொல்கிறது.

அகராதியிலும் எழுத்துகளைக் கோடுகளின் எண்ணிக்கை கொண்டு தேடும் வழக்கம் உண்டு. என் ஆறு கோட்டு வயலை அங்கே தேடியிருந்தால் கிடைத்திராது. ஆனால் வரிசை எங்கும் ஒன்றல்ல. ஜப்பானியர் இதே எழுத்தில் நெடுவரப்பை முதலிலும் குறுக்கு வரப்பைப் பின்னும் போடுகிறார்கள். கதவை மட்டும் அவர்களும் கடைசியில்தான் சாத்துகிறார்கள்.

அன்றிரவு ஒரு பக்கம் முழுதும் எழுதி நிரப்பினேன். சித்தப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு கட்டத்தின் அடியிலும் விரலை ஓட்டினார். "இது வயல், இதுவும் வயல்..." என்று வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தி, "இது முதல் தரம்" என்றார். பாராட்டுகிறார் என்று ஒரு கணம் மகிழ்ந்துபோனேன்.