சர்டிஃபிகேட்டில் இல்லாத வரி

ஒரு பையன் தானே பரீட்சை எழுதி, தானே திருத்தி, 'பாஸ்' என்று தானே கையெழுத்தும் போட்டுக் கொண்டுவந்து நீட்டினால் எந்த காலேஜும் ஏத்துக்காது. ஆனால் தொழிற்சாலைகளுக்குத் தினமும் அப்படி ஒரு பேப்பர் வருகிறது. சப்ளையர் அனுப்பும் அனலிசிஸ் சர்டிஃபிகேட். சுருக்கமாக சி.ஓ.ஏ. என்பார்கள். என்ன டெஸ்ட் செய்தோம், அனுமதிக்கப்பட்ட அளவு எவ்வளவு, எங்களுக்கு வந்த ரிசல்ட் என்ன, பாஸா ஃபெயிலா என்று விற்கிறவரே எழுதித் தருவது.

போன லீவில் காரைக்கால் பக்கம் ஒரு சின்ன மருந்து யூனிட்டில் இன்டர்ன்ஷிப் செய்தேன். சிரப் போடும் இடம். நாம் இருப்பது புதுச்சேரி யூனியன் பிரதேசம் என்றாலும் சுற்றிலும் தமிழ்நாடுதான். மூலப்பொருள் சென்னை வியாபாரிகளிடமிருந்து லாரியில் வரும், சர்டிஃபிகேட் அதற்கு முன்னாடியே மெயிலில் பி.டி.எஃப்.பாக வந்துவிடும். அதைப் பார்த்து இன்கமிங் ரெக்கார்டில் ஏற்றுவதுதான் எனக்குக் கொடுத்த வேலை. இதைக் கையால் டைப் அடிப்பானேன், ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் போதுமே என்று க்யூ.சி. மேடத்திடம் கேட்டேன். "தாராளமா எழுது தம்பி. ஆனா முதல்ல எந்த லிஸ்ட்டைக் கையில வச்சுக்கிட்டு ஆரம்பிப்பேன்னு சொல்லு" என்றார்.

சாதாரணக் கேள்வி மாதிரிதான் இருந்தது. ஆனால் விஷயம் முழுக்க அதற்குள்தான் இருக்கிறது.

புரொப்பிலீன் கிளைக்காலை எடுத்துக்குவோம். சிரப்பில் மருந்தைக் கரைக்கப் பயன்படும் நிறமில்லாத, கொழகொழப்பான திரவம். இதோடு கலந்துவிடக்கூடிய எமன் டைஎத்திலீன் கிளைக்கால், அதாவது டி.இ.ஜி. அதுவும் நிறமில்லாதது, கொழகொழப்பானது, இனிப்பானது. ஆனால் சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும். மருந்துத் தரத்தில் இதற்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச அளவு 0.10 சதவீதம். எத்திலீன் கிளைக்காலுக்கும் தனியாக அதே அளவுதான்.

மாதிரிக்கு ஒரு சர்டிஃபிகேட்டைப் பாருங்கள். தூய்மை 99.6, குறைந்தது 99.5 வேண்டும், பாஸ். தண்ணீர் 0.15, 0.20க்கு மேல் போகக்கூடாது, பாஸ். ஒப்படர்த்தி 1.036, இருக்க வேண்டியது 1.035 முதல் 1.037 வரை, பாஸ். நிறம், பாஸ். நாலுக்கு நாலு. சர்டிஃபிகேட்டின் வரிகளை ஒவ்வொன்றாகப் படித்து ஏற்றும் ஸ்கிரிப்ட் சந்தோஷமாகப் பச்சை காட்டிவிடும். ஆனால் அதில் டி.இ.ஜி. என்ற வரியே கிடையாது. இண்டஸ்ட்ரியல் கிரேடு சரக்குக்கு அந்த டெஸ்ட் செய்யாமலேயே சர்டிஃபிகேட் வரலாம். இல்லாத வரி ஃபெயில் ஆகாது. அது கண்ணில் படவே படாது.

அதனால் சுற்றி வர வேண்டியது அவர்கள் லிஸ்ட்டை அல்ல, நம்ம லிஸ்ட்டை:

```python
for test in our_spec:
    row = coa.get(test)
    if row is None:
        status[test] = "NOT TESTED"
```

இப்போது அதே சர்டிஃபிகேட்டில் இரண்டு வரி சிவப்பாகிவிடும். சரக்கு குவாரன்டைனிலேயே நிற்கும்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. 2025இல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பைத் தமிழ்நாடு அரசு ஆய்வகம் சோதித்தபோது அதில் 48.6 சதவீதம் டி.இ.ஜி. இருந்தது. அனுமதித்த அளவைப் போல ஏறக்குறைய 486 மடங்கு. மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா பகுதியில் 20க்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். இவ்வளவு பெரிய அளவைக் கண்டுபிடிக்க நுட்பமான கணக்கு எதுவும் தேவையில்லை. அந்த ஒரு டெஸ்ட்டைச் செய்திருந்தாலே போதும்.

அடுத்தது 'பாஸ்' என்ற காலம். அதை அப்படியே காப்பி அடிக்கக் கூடாது. சப்ளையர் தன் லிமிட்டை வைத்துத் தனக்கு மார்க் போட்டிருப்பார். தண்ணீருக்கு அவர் லிமிட் 0.50 என்றால், 0.30 வந்தாலும் அவருக்கு பாஸ். நம்ம லிமிட் 0.20, நமக்கு ஃபெயில். அதனால் எங்கள் ரெக்கார்டில் அச்சிட்டபடி ரிசல்ட், அவர் லிமிட், நம்ம லிமிட் மூன்றுக்கும் தனித்தனி காலம். முடிவை நாமே கணக்கிடுவோம். யூனிட்டும் அச்சிட்டபடியே இருக்க வேண்டும். ஒருவர் 0.05% என்று போடுவார், இன்னொருவர் 500 ppm என்று போடுவார், இரண்டும் ஒன்றுதான். `Complies` என்று மட்டும் போட்டிருந்தால் அங்கே எண்ணே இல்லை. அதை பாஸ் என்று மாற்றாமல், எண் கேட்டு சப்ளையருக்குத் திரும்ப எழுத வேண்டும்.

மூன்றாவது, நம்ம மாதிரி கோடு எழுதுகிறவர்களுக்கான பொறி. லிமிட் 0.10, ரிசல்ட் 0.105 என்று வந்தால்? அமெரிக்க ஃபார்மகோபியா விதிப்படி, லிமிட்டில் எத்தனை தசம இடமோ அத்தனைக்கு ரிசல்ட்டை முழுமையாக்க வேண்டும். கடைசி இலக்கம் 5 என்றால் மேலே போக வேண்டும். அப்படியென்றால் 0.11, ஃபெயில். பைத்தான் என்ன சொல்கிறது பாருங்கள்:

```python
from decimal import Decimal, ROUND_HALF_UP
round(0.105, 2)      # 0.1
Decimal("0.105").quantize(Decimal("0.01"), ROUND_HALF_UP)      # 0.11
```

மெஷினுக்குள் 0.105 பைனரியில் கச்சிதமாக உட்காராது, ஒரு துளி குறைவாகவே சேமிக்கப்படும். அதனால் `round` கீழே இறக்கி பாஸ் போட்டுவிடும். பி.டி.எஃப்.பில் இருந்து எழுத்தாக எடுத்ததை `float` ஆக்காமல் நேராக `Decimal`இல் கொடுத்தால் இந்தத் தொல்லை இல்லை.

இவ்வளவும் செய்துவிட்டால் போதுமா? போதாது. 2006இல் பனாமாவில் நடந்ததைப் படித்தபோதுதான் இது உறைத்தது. சீனாவில் கிளிசரின் இல்லாத மாற்றுச் சரக்கு ஒன்று கிளம்பியது. ஸ்பெயின் வழியாக வியாபாரிகள் கை மாறி பனாமா போனது. ஒவ்வொரு கையிலும் சர்டிஃபிகேட் மாற்றி எழுதப்பட்டது, உண்மையான தயாரிப்பாளர் பெயர் காணாமல் போனது. 99.5 சதவீதத் தூய்மை என்ற வரி மட்டும் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. அந்தச் சரக்கில் இருந்தது டி.இ.ஜி. இருமல் சிரப்பாகக் குடித்து குறைந்தது 100 பேர் இறந்தார்கள். அந்தப் பேப்பரை என் ஸ்கிரிப்ட்டிடம் கொடுத்தால், டி.இ.ஜி. 0.02 என்று பொய்யாக ஒரு வரி சேர்த்திருந்தால் போதும், அதுவும் பச்சைதான் காட்டும்.

அதனால் மேடம் இன்னும் சில காலம் சேர்க்கச் சொன்னார். தயாரித்தவர் பெயர், விற்றவர் பெயர், பேட்ச் நம்பர். டிரம் லேபிளில் இருப்பதும் சர்டிஃபிகேட்டில் இருப்பதும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். கடைசியாக 'நம்ம லேப்' என்று ஒரு காலம். ஒவ்வொரு டிரம்மிலிருந்தும் சாம்பிள் எடுத்து, கேஸ் குரோமட்டோகிராஃபில் நாமே பார்த்த டி.இ.ஜி. எண் அதில் வர வேண்டும்.

"சர்டிஃபிகேட் சரக்கைத் திருப்பி அனுப்பத்தான் தம்பி உதவும். உள்ள எடுக்கறதுக்கு நம்ம லேப் எண்தான் வேணும்" என்றார்.

ஸ்கிரிப்ட்டும் இப்போது அப்படித்தான் இருக்கிறது. சர்டிஃபிகேட்டை மட்டும் வைத்து அது இரண்டே பதில்தான் சொல்லும், 'ரிஜெக்ட்' அல்லது 'ஹோல்டு'. 'அக்செப்ட்' என்ற வார்த்தை 'நம்ம லேப்' காலம் நிரம்பிய பிறகுதான் திரையில் வரும்.